நான்கு வரி வணக்கம், கடைசியில் ஓர் ஆணை

கேள்வி: ஐயா, நிலம் ஒன்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகிறது. நில அளவர் வந்து அளந்துவிட்டுப் போனார், அதோடு சரி. வட்டாட்சியருக்கு ஒரு மெயில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் ‘சமர்ப்பிப்பது யாதெனில்’ என்றுதான் கை போகிறது. படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சாதாரணமாக எழுதினால் மரியாதை குறைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எழுதி வைத்திருப்பதை இதோடு அனுப்பியிருக்கிறேன். எப்படி மாற்றுவது?

பதில்:

வணக்கம். உங்கள் வரைவைப் படித்தேன். அதை அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 29 ஆண்டுகள் நான் வருவாய்த் துறை அலுவலகங்களில் மனு படித்து, குறிப்பு எழுதி, பதில் கடிதம் வரைந்தவன். இப்படி ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அந்த வரைவை இங்கே தருகிறேன்:

> பெருமதிப்பிற்குரிய வட்டாட்சியர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில், என்னால் கிரயம் பெறப்பட்ட மேற்படி நிலத்திற்குப் பட்டா மாறுதல் வேண்டி விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டும், நில அளவரால் அளவீடு செய்யப்பட்டும், இதுநாள் வரை தங்களால் யாதொரு நடவடிக்கையும் மேற்கொள்ளப்படாத நிலையில், மேற்படி விண்ணப்பத்தின் மீது உரிய நடவடிக்கை மேற்கொண்டு உடனடியாக ஆவன செய்யவும்.

முழுக் கடிதமும் ஒரே வாக்கியம். அதுகூடப் போகட்டும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். ‘மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன்’ என்று குனிந்து ஆரம்பிக்கிறீர்கள். நடுவில் ‘தங்களால் யாதொரு நடவடிக்கையும் மேற்கொள்ளப்படாத’ என்று விரல் நீட்டுகிறீர்கள். கடைசியில் ‘ஆவன செய்யவும்’ என்று ஆணையிடுகிறீர்கள். மரியாதைக்காகத் தேடிப் பிடித்த சொற்களே மரியாதையைக் கெடுத்துவிட்டன.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நமக்கெல்லாம் அலுவலகத் தமிழ் அறிமுகமானது அலுவலகம் நமக்கு அனுப்பிய கடிதங்கள் வழியாகத்தான். ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘நேரில் ஆஜராகவும்’, ‘தவறும் பட்சத்தில்’, ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளவும்’ எல்லாம் மேலிருந்து கீழே வரும் தமிழ். அந்தக் குரலில் ஒரு வட்டாட்சியர் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதலாம். அதே குரலை நாம் எடுத்து அவருக்கே திருப்பி எழுதும்போது, எழுதுகிற நமக்குத் தெரியாவிட்டாலும் படிக்கிறவர் காதில் அது வேறு மாதிரி விழும்.

‘சமூகத்திற்கு’ என்பதைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. பழைய கடிதங்களில் இருந்த சொல் ‘சமுகம்’, குறில் மு. பெரியவர் ஒருவரின் முன்னிலை, சந்நிதானம் என்று பொருள். அது வழக்கொழிந்து, எழுத்தும் நீண்டு, இப்போது எல்லோரும் ‘மேலான சமூகத்திற்கு’ என்று எழுதுகிறார்கள். வட்டாட்சியர் என்ற ஒரு மனிதருக்கு எழுத வேண்டியது, ஊர் உலகத்துக்கே எழுதியது மாதிரி ஆகிவிட்டது. பொருள் தெரியாத சொல்லை மரியாதைக்காக வைத்துக்கொண்டால் இப்படித்தான் நேரும்.

சரி, மாற்றி எழுதுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மெயிலை முதலில் படிக்கப்போவது பெரும்பாலும் வட்டாட்சியர் இல்லை. அலுவலகத்துக்கு வருகிற மெயிலை ஒருவர் திறந்து பார்த்து, அச்செடுத்தோ கணினியிலேயோ தபாலில் சேர்ப்பார். அது உரிய பிரிவுக்குப் போகும். அங்கே இருக்கும் உதவியாளர் தன்பதிவேட்டில் ஏற்றி எண் கொடுப்பார். பதில் கடிதங்களின் மேலே ‘ந.க.எண்’ என்று பார்க்கிறோமே, அந்த எண். பிறகு அவர் வட்டாட்சியருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும்: இன்னார், இன்ன நிலத்துக்கு, இன்ன தேதியில் விண்ணப்பித்தார், இன்னது கேட்கிறார் என்று. நல்ல மனு என்றால், இந்தக் குறிப்பை உதவியாளர் யோசிக்காமல் அப்படியே பெயர்த்து எழுத முடியும். உங்கள் வரைவை வைத்து அவரால் எழுத முடியாது. புல எண் இல்லை, விண்ணப்ப எண் இல்லை, தேதி ஒன்றுகூட இல்லை. ‘மேற்படி நிலம்’ என்கிறீர்கள், ஆனால் மேலே எந்த நிலத்தையும் சொல்லவில்லை.

‘ஆவன செய்யவும்’ என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஆவன’ என்றால் ஆக வேண்டியவை. என்ன ஆக வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால், ‘மனுதாரர் நடவடிக்கை கோருகிறார்’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டாலும் வேலை முடிந்த மாதிரிதான். உங்களுக்கு இப்போது தேவை என்ன? விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஏதாவது ஆவணம் குறைகிறதென்றால் அது எது என்று தெரிய வேண்டும். அந்த இரண்டையும் அப்படியே கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வந்தாக வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். தமிழில் மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ஒரே வேண்டுகோளைப் பல விதமாக முடிக்கலாம். ‘பதில் அனுப்பவும்’ என்பது பார்வைக்குப் பணிவாகத் தோன்றும், ஆனால் அது அறிவிப்புப் பலகையின் தமிழ். முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தாலும் ‘தயவுசெய்து காலணிகளை வெளியே விடவும்’ என்ற ஓசைதான் வரும். ‘பதில் அனுப்புங்கள்’ என்பது நேரில் பேசும்போது இயல்பானது. கடிதத்தில் கொஞ்சம் நெருக்கமாகிவிடும், தெரிந்தவருக்குச் சொல்வது மாதிரி. ‘பதில் அனுப்ப முடியுமா?’ என்பது காதுக்கு இனிமைதான், ஆனால் அலுவலகக் கடிதத்தில் நான் அதை வைக்க மாட்டேன். உங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றைச் சலுகையாகக் கேட்பது போல ஆகிவிடும். அதோடு, கேள்வியாகக் கேட்டதைக் குறிப்பில் வேண்டுகோளாக எழுத உதவியாளர் தயங்குவார். பணிவும் உறுதியும் சேர்ந்து நிற்பது ‘தெரிவிக்க வேண்டுகிறேன்’, ‘தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற இரண்டில்தான். இவை பழைய வடிவங்கள்தான், ஆனாலும் யாருக்கும் உறுத்துவதில்லை, பொருளும் மங்குவதில்லை. ஒரு கடிதத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வந்தால் போதும். ‘பணிவுடன்’ என்று முன்னால் ஒன்று சேர்க்க ஆசையாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். ‘தாழ்மையுடன்’ மட்டும் வேண்டாம். நீங்கள் எதிலும் தாழ்ந்துவிடவில்லை.

அடுத்தது ‘-ப்பட்டு’. உங்கள் வரைவில் நான்கு ‘பட்டு’ இருக்கிறது: பெறப்பட்ட, சமர்ப்பிக்கப்பட்டும், செய்யப்பட்டும், மேற்கொள்ளப்படாத. இதில் பாதி நீங்களே செய்த வேலைகள். நிலத்தை வாங்கியது நீங்கள். விண்ணப்பித்ததும் நீங்கள். ‘வாங்கினேன்’, ‘விண்ணப்பித்தேன்’ என்று எழுத ஏன் கூச்சம்? ‘நான்’ என்று சொன்னால் அகந்தையாகப் படும் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழில் அந்தக் கவலையே தேவையில்லை. ‘விண்ணப்பித்தேன்’ என்று வினையை முடித்தாலே யார் என்று தெரிந்துவிடும், ‘நான்’ தனியாக வர வேண்டிய அவசியமும் இல்லை.

அலுவலகம் செய்யாததைச் சொல்லும் இடம்தான் நுட்பமானது. இதற்கு மூன்று வழி இருக்கிறது. ‘நீங்கள் எந்தத் தகவலும் தரவில்லை’ என்பது குற்றச்சாட்டு. ‘தங்களால் எந்தத் தகவலும் தரப்படவில்லை’ என்பதும் அதே குற்றச்சாட்டுதான், ‘பட்டு’ சேர்ந்ததால் காரம் குறையவில்லை, தமிழ் மட்டும் கெட்டது. மூன்றாவது, ‘எனக்குத் தகவல் எதுவும் வரவில்லை’. இதில் யார் மேலும் பழி இல்லை, நடந்ததும் அப்படியே இருக்கிறது. பேசும்போது நாம் தினமும் இப்படித்தான் சொல்கிறோம். வரவில்லை, கிடைக்கவில்லை, பதிவாகவில்லை, முடியவில்லை என்று தானாக நிகழ்வதைப் போலச் சொல்லும் வினைகள் தமிழில் நிறைய உண்டு. பட்டாவில் உங்கள் பெயர் பிழையாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘என் பெயரைத் தவறாகப் பதிவு செய்துவிட்டீர்கள்’ என்று எழுதினால் படிக்கிறவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். ‘என் பெயர் தவறாகப் பதிவாகியுள்ளது’ என்று எழுதினால் திருத்துகிற வேலைக்குப் போவார். நான் இந்த நாற்காலியில் இருந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை.

‘தாங்கள்’ எழுதுவதா, ‘நீங்கள்’ எழுதுவதா என்பதில் பலர் திண்டாடுகிறார்கள். இரண்டும் மரியாதைதான். அலுவலகக் கடிதத்தில் ‘தாங்கள், தங்கள்’ பழகிய வடிவம், அதனால் அதையே வைத்துக்கொள்ளலாம். முதல் வரியில் ‘தங்கள் அலுவலகத்தில்’ என்று எழுதிவிட்டு நான்காவது வரியில் ‘உங்களிடம்’ என்று இறங்குவதுதான் தவறு. வேறு வேறு கடிதங்களிலிருந்து வெட்டி ஒட்டியது அதிலேயே தெரிந்துவிடும். உண்மையில் சின்னக் கடிதத்தில் இரண்டுமே தேவைப்படாது. நான் கீழே மாற்றி எழுதியிருப்பதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

‘ஐயா’ போடுவதற்கு முன், பதவியில் இருப்பவர் பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு நொடி யோசியுங்கள். தெரியாவிட்டால் ‘ஐயா/அம்மையீர்’ என்று கோடு போட்டு எழுதுவது வழக்கம். தவறில்லை, படிவம் நிரப்புவது போல இருக்கும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது ‘மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு’ என்பது. ஆணா பெண்ணா என்ற கேள்வியே வராது. பதவிப் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ வந்துவிட்டால் ‘ஐயா’வும் சேர்ந்து வர வேண்டியதில்லை. ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது. வட்டாட்சியருக்கு அதைப் போட்டால் அவர் மகிழப்போவதில்லை, அலுவலகம் சிரிக்கும்.

எளிமை என்றவுடன் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள். ‘பட்டா மாறுதல்’ என்பதை ‘பட்டாவை என் பேருக்கு மாத்துறது’ என்று எழுதுகிறார்கள். பட்டா மாறுதல், புல எண், உட்பிரிவு, கிரயப் பத்திரம், நில அளவர் இதெல்லாம் அலங்காரம் இல்லை, பொருள்களின் பெயர்கள். அவற்றில் கை வைக்கக் கூடாது. உதாரணமாக, ஒரு புல எண்ணில் முழுவதையும் வாங்கினீர்களா, ஒரு பகுதியை மட்டும் வாங்கினீர்களா என்பதைப் பொறுத்து வேலையே மாறும். பகுதி என்றால் நிலத்தை அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். உங்கள் இடத்துக்கு நில அளவர் வந்ததை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் கடிதத்தில் ‘உட்பிரிவு’ என்ற ஒரு சொல் இருந்தால், கோப்பு யாரிடம் இருக்கும் என்று உதவியாளருக்கு உடனே புரியும். ஒரு சொல் அலங்காரமா, பெயரா என்று சந்தேகம் வந்தால் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். படிக்கிறவர் ‘எது?’ என்று கேட்க வேண்டி வந்தால் அது பெயர், இருக்கட்டும். ஒன்றும் குறையவில்லை என்றால் போகட்டும். ‘யாதெனில்’ போய்விடும், ‘மேலான’ போய்விடும், ‘உரிய’ போய்விடும், ‘புல எண்’ போகாது.

இனி மாற்றி எழுதியதைப் பாருங்கள். எண்களும் தேதிகளும் மாதிரிக்கு நான் போட்டவை. புள்ளியிட்ட இடங்களில் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

> பொருள்: பட்டா மாறுதல் (உட்பிரிவு) – …… கிராமம், புல எண் 112/3 – விண்ணப்பத்தின் நிலை அறிய வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு,
>
> வணக்கம்.
>
> …… கிராமம், புல எண் 112/3-இல் 20 சென்ட் நிலம் வாங்கியுள்ளேன். அதற்கு உட்பிரிவு செய்து பட்டா மாறுதல் தருமாறு 12.03.2025 அன்று இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண்: …… . நில அளவர் 24.04.2025 அன்று வந்து நிலத்தை அளந்தார். அதன் பிறகு எனக்குத் தகவல் எதுவும் வரவில்லை.
>
> விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் உள்ளது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். என் தரப்பில் ஆவணம் ஏதேனும் தேவைப்பட்டால், எது என்று தெரிவித்தால் உடனே கொண்டுவந்து தருகிறேன்.
>
> கிரயப் பத்திரத்தின் நகலையும் விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டையும் இணைத்துள்ளேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> (பெயர்)
> (முழு முகவரி)
> (கைபேசி எண்)
> 16.06.2025

இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஒரு வட்டாட்சியர் எதிரில் நின்று, நிதானமாக, பேச்சுத் தமிழைக் கொஞ்சம் நிமிர்த்திச் சொல்வது போல இருக்கும். அந்த அளவுதான் சரியான அளவு. ‘தாங்கள்’ ஒரு முறைகூட வரவில்லை, கவனித்தீர்களா? ‘எது என்று தெரிவித்தால் உடனே கொண்டுவந்து தருகிறேன்’ என்பது கிட்டத்தட்டப் பேச்சு வாக்கியம். அதை ‘தெரிவிக்கும் பட்சத்தில் சமர்ப்பிக்கத் தயாராக உள்ளேன்’ என்று மாற்றினால் மரியாதை ஒரு துளியும் கூடாது. ‘அதன் பிறகு எனக்குத் தகவல் எதுவும் வரவில்லை’ என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். மூன்று மாதமாக அலைகிறேன், மன உளைச்சல் என்றெல்லாம் சேர்க்கவில்லை. 12.03 என்ற தேதியும் 16.06 என்ற தேதியும் பக்கத்தில் நின்றால் அந்த மூன்று மாதத்தை அவையே சொல்லிவிடும்.

‘உடனடியாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டதையும் பாருங்கள். அவசரம் இருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள்: ‘வங்கிக் கடனுக்காக ஜூலை 10-க்குள் பட்டா நகல் தர வேண்டியுள்ளது’ என்று ஒரே வரியில். காரணம் இல்லாத ‘உடனடியாக’ எல்லா மனுவிலும் இருக்கிறது. அதனால் அதை யாரும் படிப்பதே இல்லை.

மெயில் என்பதால் சில விஷயங்கள் தாளில் எழுதுவதிலிருந்து மாறும். அனுப்புநர், பெறுநர் என்று மேலே எட்டு வரி போட வேண்டாம். திறந்தவுடன் விஷயம் தெரிய வேண்டும். அதற்காக முகவரியை விட்டுவிடாதீர்கள். அச்செடுத்த தாளில் உங்கள் மெயில் முகவரி மட்டும் இருந்தால், பதிலைத் தபாலில் அனுப்ப நினைக்கிறவருக்கு வழியிருக்காது. அதனால்தான் கையெழுத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பொருள் வரியில் முதல் இரண்டு சொல்லே ‘பட்டா மாறுதல்’ என்று இருப்பதும் காரணத்தோடுதான். கைபேசியில் பட்டியலாகப் பார்க்கும்போது முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று நிரப்பினால் விஷயம் வெளியே தெரியாது. ‘அவசரம்’ என்று தொடங்குவதும் அப்படித்தான்.

எழுத்துருவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் தட்டச்சுக் கடைகளில் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து மெயிலில் ஒட்டினால், உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தது அங்கே ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அனுப்புவதற்கு முன் உங்கள் கைபேசிக்கே ஒரு முறை அனுப்பித் திறந்து பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் எங்கும் தெரியும். கைபேசியிலேயே தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. பத்திரத்தின் நகலை ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் படமாக அனுப்பாமல் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்குங்கள். பதினான்கு படத்தைப் பொறுமையாகத் திறந்து அச்செடுக்கிறவர் எந்த அலுவலகத்திலும் இல்லை.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நிலை கேட்பதற்கும், விளக்கம் கேட்பதற்கும், பிழையைச் சுட்டிக்காட்டுவதற்கும் மெயில் நன்றாக உதவும். படிவமும் கட்டணமும் உள்ள வேலையை மெயிலில் தொடங்க முடியாது. பட்டா மாறுதலையே மெயிலில் கேட்டிருந்தால் ‘இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கவும்’ என்றுதான் பதில் வரும். நீங்கள் விண்ணப்பித்துவிட்டுக் கேட்கிறீர்கள், அதனால் உங்கள் நிலை பலமானது. அதோடு, நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் மெயில் பெட்டியை வாரத்துக்கு ஒரு நாள் திறந்தால் அதிகம். அதனால் அனுப்பிய மெயிலை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போக நேரும்போது தபால் பிரிவில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடலாம். மேலே உள்ள கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்துவிட்டு, அதே மெயிலுக்குக் கீழேயே பதில் போடுவது போல எழுதுங்கள். புதிதாகத் தொடங்கினால் பழையதைத் தேடும் வேலை அவர்களுக்கு. ‘நினைவூட்டு’ என்று தலைப்புப் போட வேண்டாம். மேல் அலுவலகம் கீழ் அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு அந்தப் பெயர், அதில் கொஞ்சம் அதட்டல் உண்டு. இப்படிப் போதும்:

> வணக்கம். புல எண் 112/3 பட்டா மாறுதல் தொடர்பாக 16.06.2025 அன்று அனுப்பிய மின்னஞ்சல் கீழே உள்ளது. அதற்குப் பதில் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தின் நிலையைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இது குறித்து நேரில் வர வேண்டும் என்றால், எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிவித்தால் வருகிறேன். நன்றி.

இதில்கூட ‘இதுவரை எந்தப் பதிலும் அளிக்காதது வருத்தமளிக்கிறது’ என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள். ‘தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன்’, ‘மேலிடத்துக்குப் போவேன்’ என்பதும் வேண்டாம். போவதென்றால் சொல்லாமல் போய்விடலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அது தனி விண்ணப்பம், அதன் மொழியும் தனி, அங்கே ‘வேண்டுகிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘கீழ்க்காணும் தகவல்களைத் தருமாறு கோருகிறேன்’ என்று நிமிர்ந்தே எழுதலாம். அந்த மிரட்டலை இந்த மெயிலில் கலந்தால் உதவி செய்ய நினைத்த உதவியாளரும் கோப்பை ஜாக்கிரதையாகக் கையாளத் தொடங்கிவிடுவார். ஜாக்கிரதை என்றால் மெதுவாக என்று அர்த்தம்.

பதில் வந்துவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ‘பத்திரத்தின் மூலப் பிரதியுடன் நேரில் வரவும்’ என்று வந்திருந்தால் அந்த ‘வரவும்’ பற்றிக் கோபப்பட வேண்டாம், அவர்கள் இடத்திலிருந்து அது சரியான தமிழ்தான். ‘தகவலுக்கு நன்றி. ஜூலை 3, வியாழக்கிழமை காலை மூலப் பத்திரத்துடன் வருகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். போகும்போது பதிலில் இருக்கும் ந.க.எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். வாசலில் உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.